படம் 2, அட்டவணை 1: மாற்றி எழுதிய குறிப்பும் தலைப்பும்

அன்புள்ள தம்பிக்கு,

கருத்தரங்க மலருக்கு நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். உள்ளே கை வைக்கவில்லை. படம் 2-இன் குறிப்பையும் அட்டவணை 1-இன் தலைப்பையும் மட்டும் மாற்றி எழுதியிருக்கிறேன். மலரைப் புரட்டுகிறவர்களில் பலர் படத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். சிலர் அதை மட்டும் போட்டோ எடுத்து வகுப்பில் காட்டுவார்கள். கட்டுரை கூட வராத இடத்திலும் அது என்ன படம் என்று தெரிய வேண்டும்.

நீ எழுதியிருந்தது:

படம் 2. மேலே சொன்ன நிலையத்தின் தரவு. இரண்டு கோடுகளின் விளக்கத்துக்குப் பகுதி 3.1 பார்க்கவும்.

இனி இப்படி இருக்கட்டும்:

படம் 2. ஹவாய்த் தீவின் மௌனா லோவா ஆய்வகத்தில் அளந்த வளிமண்டலக் கார்பன் டை ஆக்சைடு, மார்ச் 1958 – டிசம்பர் 2024. ஆண்டு சராசரி 1959-இல் 316 பிபிஎம். 2024-இல் 425 பிபிஎம். மெல்லிய கோடு மாத சராசரி. தடித்த கோடு, பருவ ஏற்ற இறக்கத்தை நீக்கிய பிறகு கிடைப்பது. மெல்லிய கோடு ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் உச்சத்தையும் செப்டம்பர், அக்டோபரில் தாழ்வையும் தொடுகிறது. வட அரைக்கோளத் தாவரங்கள் கோடையில் வாயுவை உறிஞ்சிக் குளிர்காலத்தில் வெளிவிடுவதே முக்கியக் காரணம். பிபிஎம் என்பது உலர்ந்த காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் எத்தனை கார்பன் டை ஆக்சைடு என்ற கணக்கு. செங்குத்து அச்சு பூஜ்யத்தில் அல்ல, 310-இல் தொடங்குகிறது. எரிமலை வெடிப்பால் ஆய்வகம் நின்றுபோன டிசம்பர் 2022 முதல் ஜூலை 2023 தொடக்கம் வரை அளவீடு பக்கத்து மலையான மௌனா கியாவில் எடுக்கப்பட்டது. தரவு: ஏப்ரல் 1974 வரை ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனம், பிறகு அமெரிக்கத் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகம்.

நீளம்தான், ஆனால் ஒரு வரியும் வீண் இல்லை. நீ வரைந்த சிவப்பும் கறுப்பும் மலரின் கறுப்பு வெள்ளை அச்சில் ஒன்றாகத் தெரியும். அதனால் கோட்டின் தடிமனால் பிரித்தேன், படத்திலும் அப்படியே மாற்றிவிடு. அச்சு 310-இல் தொடங்குவதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கோடு தரையிலிருந்து உச்சிக்குப் போவதைப் பார்த்து வாயு பல மடங்கு ஆகிவிட்டது என்று ஒருவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் கூடியது மூன்றில் ஒரு பங்கு அளவு. அதுவே கவலைப்படப் போதுமானது, படத்தால் பெரிதாக்க வேண்டியதில்லை. மௌனா கியா விஷயம் உன் பகுதி 3.1-இல்கூட இல்லை, அங்கேயும் சேர்த்துவிடு.

அட்டவணைக்கு வருவோம். நீ வைத்த தலைப்பு "பத்தாண்டு சராசரிகள்". இது சுருக்கமாக இருப்பது மட்டுமல்ல, தவறாகவும் இருக்கிறது. 1960-க்கு எதிரே உள்ள 317 அந்த ஓர் ஆண்டின் சராசரி, 1960 முதல் 1969 வரையிலான சராசரி அல்ல. கட்டுரைக்குள் சரியாகச் சொல்லியிருக்கிறாய். தலைப்பை மட்டும் படிப்பவர் எண்களைத் தப்பாக எடுத்துப் போய்விடுவார்.

புதியது:

அட்டவணை 1. மௌனா லோவா (ஹவாய்) ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடின் ஆண்டு சராசரிச் செறிவு, 1960 முதல் 2020 வரை பத்து ஆண்டுக்கு ஒருமுறை, பிபிஎம் அளவில்

| ஆண்டு | அந்த ஆண்டின் சராசரி | முந்தைய வரியைவிட உயர்வு |
|---|---|---|
| 1960 | 317 | – |
| 1970 | 326 | 9 |
| 1980 | 339 | 13 |
| 1990 | 354 | 15 |
| 2000 | 370 | 16 |
| 2010 | 390 | 20 |
| 2020 | 414 | 24 |

*சராசரிகள் முழு எண்ணாக்கப்பட்டவை. உயர்வு அந்த முழு எண்களைக் கழித்துப் பெற்றது. எனவே 1 பிபிஎம் வரை பிசகலாம். பிபிஎம்: உலர்ந்த காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் இத்தனை. 1960, 1970 தரவு: ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனம், மற்றவை: அமெரிக்கத் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகம்.*

பிபிஎம் விளக்கம் இரண்டு இடத்திலும் வருகிறதே என்று வெட்டிவிடாதே. படத்தைப் பார்த்தவர்தான் அட்டவணையையும் பார்ப்பார் என்று இல்லை. பிசகு பற்றிய வரியும் இருக்கட்டும். 1980-களின் உயர்வு 15, 1990-களின் உயர்வு 16 என்ற வித்தியாசம் முழு எண்ணாக்கியதால் வந்தது. தசமத்தோடு கழித்தால் முந்தையதுதான் சற்றுப் பெரிது. கட்டுரையில் "1990-களில் வேகம் கூடியது" என்று எழுதியிருக்கிறாய், அந்த வாக்கியத்தை எடுத்துவிடு. 2000-க்குப் பிறகு கூடியது என்று தாராளமாகச் சொல்லலாம்.

"மேலே சொன்ன", "பகுதி பார்க்கவும்" என்று வருகிறதா என்று மற்றப் படங்களின் குறிப்புகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. நான் பார்த்துவிட்டு அச்சகத்துக்குக் கொடுக்கிறேன்.