x log x = 1.2: தொடுகோட்டு முறையில் சுற்று சுற்றாக, எங்கே நிறுத்துவது என்பதோடு

தம்பி, நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே அச்சில் இருக்கும் கணக்கு தெளிவாகவே இருக்கிறது: x log₁₀ x = 1.2 என்ற சமன்பாட்டின் மூலத்தை நியூட்டன்–ராப்சன் முறையில் நான்கு தசம இடங்களுக்குத் திருத்தமாகக் காண வேண்டும். தொடக்க மதிப்பு x₀ = 2. நிறுத்தும் விதி |xₙ₊₁ − xₙ| < 0.00005. கீழே உன் கையெழுத்தில் நான்கு வரிகள். அதில் log-க்குக் கீழே இருக்கும் 10 நிழலில் மறைந்துவிட்டது. ஆனால் முதல் வரியிலேயே 0.3010 என்று எழுதியிருக்கிறாய். அது 2-இன் பத்தடிமான மடக்கை. அதனால் நீ எந்த மடக்கையை எடுத்தாய் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உன் வரிகள் இப்படிப் போகின்றன: 2, 2.4596, 2.6312, 2.6977, 2.7238. அதோடு நிறுத்தி, "மூலம் 2.7238" என்று கோடு போட்டிருக்கிறாய். கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று வகைக்கெழு, இன்னொன்று நிறுத்திய இடம். இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் வகைக்கெழு. f(x) = x log₁₀ x − 1.2. நீ f′(x) = log₁₀ x + 1 என்று எழுதியிருக்கிறாய். ln x ஆக இருந்தால் அது சரி. பத்தடிமான மடக்கையை வகைப்படுத்தும்போது ஒரு மாறிலி கூடவே வரும், ஏனென்றால் log₁₀ x = 0.4342945 × ln x. ஆகவே

f′(x) = log₁₀ x + 0.4342945

இந்த ஒரு எண்தான் உன் கணக்கில் 1 ஆகிவிட்டது. x = 2-இல் உண்மையான சாய்வு 0.7353. நீ எடுத்தது 1.3010. அதாவது வளைவரையைத் தொட்டுச் செல்லும் கோட்டுக்குப் பதிலாக அதைவிடச் செங்குத்தான ஒரு கோட்டைப் போட்டுவிட்டாய். செங்குத்தான கோடு x அச்சைச் சீக்கிரமே வெட்டிவிடும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் உன் அடி குட்டையாக விழுகிறது.

இப்போது சரியான வகைக்கெழுவோடு செய்வோம். சூத்திரம் xₙ₊₁ = xₙ − f(xₙ)/f′(xₙ). இதை ஒரே பின்னமாக்கினால் x log x என்ற உறுப்புகள் அடிபட்டுப் போய் வடிவம் எளிதாகும்:

xₙ₊₁ = (0.4342945 xₙ + 1.2) / (log₁₀ xₙ + 0.4342945)

கணிப்பானில் அடிக்க இது வசதி. ஆனால் விடைத்தாளில் f, f′ இரண்டையும் தனித்தனியாகக் காட்டு. எங்கே தவறு நடந்தது என்று திருத்துபவருக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

முதல் சுற்று, x₀ = 2:
f(2) = 2 × 0.3010300 − 1.2 = −0.5979400
f′(2) = 0.3010300 + 0.4342945 = 0.7353245
x₁ = 2 + 0.8131648 = 2.8131648
வித்தியாசம் 0.8131648

இரண்டாம் சுற்று, x₁ = 2.8131648:
f = 0.0636602, f′ = 0.8834897
x₂ = 2.8131648 − 0.0720554 = 2.7411094
வித்தியாசம் 0.0720554

மூன்றாம் சுற்று, x₂ = 2.7411094:
f = 0.0004041, f′ = 0.8722209
x₃ = 2.7411094 − 0.0004633 = 2.7406461
வித்தியாசம் 0.0004633

நான்காம் சுற்று, x₃ = 2.7406461:
x₄ = 2.7406461. ஏழு தசமத்தில் எழுதினால் மாற்றமே தெரியாது. உண்மையில் மாற்றம் சுமார் 0.00000002.

0.0004633 என்பது 0.00005-ஐவிடப் பெரிது, அதனால் x₃-இல் நிறுத்த முடியாது. x₄-இல் விதி நிறைவேறுகிறது. மூலம் 2.7406.

இங்கே ஒன்றைக் கவனி. இரண்டிலிருந்து புறப்பட்ட நாம் முதல் அடியிலேயே மூலத்தைத் தாண்டி வலப்பக்கம் 2.8132-க்குப் போய்விட்டோம். அப்புறம் வலப்பக்கத்திலிருந்தே இறங்கி வந்தோம். இது தற்செயல் இல்லை. f″(x) = 0.4342945/x, இது நேர் எண், ஆகவே வளைவரை மேல்நோக்கி வளைகிறது, தொடுகோடு எப்போதும் வளைவரைக்குக் கீழேதான் கிடக்கும். வளைவரை அச்சை வெட்டும் இடத்தில் தொடுகோடு இன்னும் அச்சுக்குக் கீழே இருப்பதால், அது அச்சை வெட்டுவது மூலத்துக்கு வலப்புறத்தில்தான். உன் நான்கு வரிகளும் மூலத்துக்கு இடப்பக்கத்திலேயே இருக்கின்றன. விடை தெரியாவிட்டாலும், f-இன் குறி ஒரு முறைகூட மாறவில்லை என்பதை வைத்தே "நான் போட்டது தொடுகோடு இல்லை" என்று கண்டுபிடித்துவிடலாம். எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். ஒரு பைசா கணக்கும் தேவையில்லை, படம் வரைந்தால் போதும்.

சரி, நிறுத்தும் விதிக்கு வருவோம். "நான்கு தசம இடம்" என்பதை "நான்கு சுற்று" என்று நீ எடுத்துக்கொண்டாய் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. எத்தனை சுற்று என்பதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளின் வித்தியாசம்தான் அதைச் சொல்ல வேண்டும். உன் கடைசி வித்தியாசம் 2.7238 − 2.6977 = 0.0261. கேட்டது 0.00005. ஐந்நூறு மடங்குக்கு மேல் பெரிது.

ஆனால் ஏன் வித்தியாசத்தைப் பார்க்கிறோம்? நமக்கு வேண்டியது பிழை, அதாவது xₙ-க்கும் மூலத்துக்கும் உள்ள தூரம். மூலம் தெரியாததால் அதை அளக்க முடியாது. நியூட்டன் முறையில் xₙ₊₁ மூலத்துக்கு மிக அருகில் போய்விடுவதால், xₙ₊₁ − xₙ என்பது கிட்டத்தட்ட xₙ-இன் பிழையாகவே இருக்கும். மேலே பார்: x₂-இன் உண்மையான பிழை 0.0004633, வித்தியாசமும் 0.0004633. ஆகவே விதி உண்மையில் அளப்பது முந்தைய மதிப்பின் பிழையை. நாம் எழுதும் விடையோ அதற்கு அடுத்த மதிப்பு. அதன் பிழை இன்னும் சிறியது: மூலத்தின் அருகே இந்தக் கணக்கில் புதிய பிழை ≈ 0.09 × (பழைய பிழை)². 0.00046-ஐ வர்க்கப்படுத்தி 0.09-ஆல் பெருக்கிப் பார், 0.00000002 வரும். சரியான இலக்கங்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று சொல்வது இதைத்தான்.

உன் தவறான வகைக்கெழுவோடு தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் போட்டுப் பார்த்தேன். அதுவும் கடைசியில் இதே 2.7406-க்குத்தான் வருகிறது! ஏனென்றால் f(x) = 0 ஆகும் இடத்தில்தான் அடி பூஜ்யமாகும், கீழே எந்த எண்ணால் வகுத்தாலும் சரி. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பிழை வர்க்கமாகக் குறையாமல், முந்தையதில் சுமார் 0.39 பங்காக மட்டுமே குறைகிறது. நான்கு சுற்றில் முடிய வேண்டியது பதினொரு சுற்று ஆகிறது. அங்கே விதி நிறைவேறும்போது x₁₁-இல் இன்னும் 0.000025 அளவுக்குப் பிழை மிச்சம் இருக்கும். அதே விதி, அதே 0.00005, ஆனால் ஒன்றில் எட்டாவது தசமம் வரை பத்திரம், மற்றொன்றில் ஐந்தாவது தசமமே ஆட்டம். வித்தியாசம் சிறியது என்பதற்கு விடை அருகில் இருக்கிறது என்ற பொருள், அடிகள் வேகமாகச் சுருங்கும்போது மட்டுமே உண்டு. மெதுவாகக் குவியும் முறையில் வித்தியாசம் குட்டியாக இருந்தாலும் மூலம் எட்டவே இருக்கலாம்.

சிலர் |f(xₙ)| < 0.00005 என்று விதி வைப்பார்கள். இந்தக் கணக்கில் மூலத்தின் அருகே சாய்வு 0.872 என்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், பிழை ≈ |f|/|f′|. வளைவரை அச்சோடு படுத்துக் கிடந்தால் அது ஏமாற்றும். (x − 1)³ = 0-ஐ எடுத்துக்கொள்: x = 1.03-இல் f = 0.000027, விதி நிறைவேறிவிட்டது, ஆனால் விடை இரண்டாவது தசமத்திலேயே தவறு.

இன்னொரு நுணுக்கம். 0.00005 என்பது நான்காவது தசமத்தின் பாதி அலகு, அதனால்தான் அந்த எண். ஆனால் இந்த மூலம் 2.740646, முழுமையாக்கும் எல்லையான 2.74065-க்கு 0.000004 தூரத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் மேலே வழுக்கினாலும் 2.7407 என்று எழுதிவிடுவாய். ஆகவே கடைசியில் குறி மாற்றத்தைச் சோதித்துவிடு:

f(2.74055) ≈ −0.000084
f(2.74065) ≈ +0.000003

குறி மாறுகிறது, மூலம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். இந்த இடைவெளியில் இருக்கும் எந்த எண்ணும் நான்கு தசமத்துக்கு 2.7406 தான். இதற்கு நாலிலக்க மடக்கை அட்டவணை போதாது, கணிப்பானில் எல்லா இலக்கங்களையும் வைத்துக்கொள். இடையில் முழுமையாக்காதே. கணிப்பானில் log விசையும் ln விசையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அதிலும் கண் வை.

விடைத்தாளில் கடைசி வரிகளை இப்படி எழுது: "|x₄ − x₃| < 0.00005 என்பதால் நான்காம் சுற்றில் நிறுத்தப்படுகிறது. f(2.74055) < 0, f(2.74065) > 0. எனவே நான்கு தசம இடங்களுக்குத் திருத்தமான மூலம் 2.7406."

படத்தின் அடியில் அடுத்த கணக்கின் பாதி தெரிகிறது, cos x = என்பதோடு தாள் மடிந்துவிட்டது. அதைத் தனியாக, வெளிச்சத்தில் வைத்து எடுத்து அனுப்பு. கணிப்பானில் கோண அளவை ரேடியனுக்கு மாற்றிவிட்டு நீயே முதல் இரண்டு சுற்றைப் போட்டுவை.