மாமாவுக்கு, சிங்கப்பூர்ல வாங்க வேண்டியது

மாமா, பத்திரமா போய்ச் சேந்தீங்களா? அத்தை சொன்னாங்க, ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவாம், முஸ்தபா பக்கம் போவீங்கன்னு. அதான் அளவெல்லாம் ஒரே மெசேஜ்ல போட்டுடறேன். அங்க நின்னுகிட்டு எனக்கு போன் அடிச்சா நான் ஸ்கூல்ல இருப்பேன், எடுக்க முடியாது.

முதல்ல அப்பா ஷூ. இதுதான் முக்கியம். யூகே 8. யூஎஸ் 8 இல்ல மாமா! போன வருஷம் துபாய்ல இருந்து வந்ததுல யூஎஸ் 8னு போட்டிருந்துச்சு, அது நம்ம 7தான். வாங்கிக் குடுத்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு அப்பா ரெண்டு நாள் போட்டு நடந்தாரு. சுண்டு விரல்ல கொப்புளம், சுகர் இருக்கறதால ஆற மூணு வாரம். ஷூ நாக்குக்கு உள்பக்கம் யூகே, யூஎஸ், செ.மீ. மூணும் சின்னதா அச்சடிச்சிருக்கும், அதைப் பாருங்க. நேத்து அவரை தினத்தந்தி மேல நிக்க வச்சு பாதத்தை வரைஞ்சேன், 26.5 செ.மீ. வந்துச்சு. முன்பக்கம் அகலமா, உள்ள மெத்துன்னு இருக்கணும். லேஸ் வேண்டாம், குனிஞ்சு கட்ட மாட்டாரு. கறுப்பு இல்லேன்னா பிரவுன். 90 டாலர் வரைக்கும் போகலாம்.

சட்டை ரெண்டு, காலர் 40. அங்க இஞ்ச்ல போட்டிருந்தா 16 எடுங்க, கொஞ்சம் லூசா இருந்தா தப்பில்ல. அரைக்கை, சுத்தமான காட்டன். பாலியஸ்டர் கலந்ததுன்னா திருச்சி வெயில்ல கழுத்தெல்லாம் வேர்க்குரு. பாக்கெட் கட்டாயம் இருக்கணும். கண்ணாடி, பேனா, மாத்திரைச் சீட்டு எல்லாம் அதுலதான். பாக்கெட் இல்லாத சட்டையை அவர் சட்டைன்னே ஒத்துக்க மாட்டாரு. ரெண்டும் சேத்து 60.

கார்த்திக்கு டி-ஷர்ட் மூணு, எல் சைஸ். எம்தான் போடுவான், ஆனா அந்தப் பக்கத்து அளவு ஒரு சுத்து சின்னதா இருக்கும். கலர் உங்க இஷ்டம், மஞ்சள் மட்டும் வேண்டாம். 60 டாலர்.

யாழினிக்கு ஒரு கவுன். உயரம் 114 செ.மீ., 120னு போட்டதை எடுங்க, அடுத்த தீபாவளிக்கும் ஆகும். வலைத்துணி, ஜிகினா வேண்டாம், அரிக்குதுன்னு பாதி விசேஷத்துல கழட்டிப் போட்டுடுவா. 40 டாலர்.

மொத்தம் 250 ஆச்சு. 300 டாலர்ல மிச்சம் 50க்கு அம்மாவுக்குக் கோடாலித் தைலம் ஆறு பாட்டில், எனக்கு ஒரு மைலோ பாக்கெட்.

ஜிபேல 21,000 போட்டிருக்கேன். திருப்பி அனுப்பினீங்கன்னா அம்மாகிட்ட சொல்லிடுவேன். ஒரே கடையில 100 டாலருக்கு மேல வாங்கினா பாஸ்போர்ட்டைக் காட்டுங்க, டூரிஸ்ட்டா வந்தவங்களுக்கு ஏர்போர்ட்ல ஜிஎஸ்டி திருப்பித் தருவாங்க. பெட்டியை உள்ள போடறதுக்கு முன்னாடியே அதை முடிச்சிடுங்க, பொருளைக் காட்டச் சொன்னாலும் சொல்லுவாங்க.

ஷூ எடுத்ததும் அந்த நாக்கை மட்டும் ஒரு போட்டோ அனுப்புங்க மாமா. பில் போடறதுக்கு முன்னாடி.