பரிசம் போய் பவுன் வந்த கதை

மேலூர்ப் பக்கம் என் பாட்டி காலத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரிசம் போட்டார்கள். நாற்று நட, களை எடுக்க ஒரு ஆள் கூடுகிறதே, அதன் மதிப்பு அது. படிப்பும் மாதச் சம்பளமும் வந்தபின் பணம் திசை மாறிவிட்டது: அரசு வேலைப் பையன்கள் கொஞ்சம், அவர்களைத் தேடும் வீடுகள் ஏராளம், தேடுவதும் சொந்தச் சாதிக்குள்ளேயே என்பதால் சந்தை சுருங்கி விலை ஏறுகிறது.

என் தங்கைக்கு 50 பவுன் கேட்டார்கள். அப்பா 30 என்றார், 40-இல் முடிந்தது. உண்மையில் 35-க்கே இறங்கி வந்திருப்பார்கள், ஆனால் பெரியப்பா மகளுக்கு 38 போட்டிருந்ததால் அதற்குக் குறைய அப்பாவுக்கே மனம் வரவில்லை. பேரம் மாப்பிள்ளை வீட்டோடு, போட்டி பங்காளி வீட்டோடு.

வரதட்சணையை 1961-லேயே சட்டம் தடுத்தது. சரி, 'செய்முறை' என்று பெயரை மாற்றிக்கொண்டோம். மகளுக்கான சொத்துப் பங்குதானே என்பார்கள், என்னால் ஏற்க முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த 1989 திருத்தம் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்தது, அதை எங்கள் வீட்டில் யாரும் பேசவே இல்லை. நகையோ ஒரே வருடத்தில் மாமனார் கடனுக்கு அடகுக்குப் போனது, தங்கையை ஒரு வார்த்தை கேட்காமல்.