வெள்ளிக்கிழமை அரை மணி நேரம்

எல்லாருக்கும் வணக்கம். வாரத் திட்டம் போடுவது பற்றித் தலைமையாசிரியர் பத்து நிமிடம் பேசச் சொன்னார். கடைசி மணி அடித்தாகிவிட்டது, சிலருக்குப் பஸ் இருக்கிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களில் பலர் நினைப்பது எனக்குத் தெரியும். "பாடக்குறிப்புதான் எழுதுகிறோமே, அதற்கு மேல் வாரத் திட்டம் வேறா?" பாடக்குறிப்பு தலைமையாசிரியரின் கையெழுத்துக்கும் ஆய்வுக்கும் போவது. நான் சொல்வது யாரிடமும் காட்ட வேண்டியதில்லாத ஒரு பக்கம். நோட்டின் நடுப்பக்கத்தில் ஐந்து நாளையும் கோடு போட்டுப் பிரித்து, எந்த வகுப்பில் எது, அதற்கு என்ன வேண்டும் என்று கிறுக்கி வைத்தால் போதும். கலர் பேனாவில் எழுதிப் படம் எடுத்துப் போடுகிறார்களே, அந்த அழகெல்லாம் நமக்கு வேண்டாம்.

இதில் நேரம் எப்படி மிச்சமாகும்? நாம் ஒவ்வொரு இரவும் நேரத்தைத் தொலைப்பது எழுதுவதில் இல்லை, முடிவெடுப்பதில்தான். நாளைக்கு எட்டாம் வகுப்பில் எங்கே விட்டோம், என்ன வீட்டுப்பாடம் கொடுத்தோம், டெஸ்ட் வைக்கலாமா என்று தினமும் புத்தகத்தைப் புரட்டுகிறோம். வெள்ளிக்கிழமை மாலை எல்லாம் மனதில் சூடாக இருக்கும்போது உட்கார்ந்தால், ஐந்து நாளுக்கும் சேர்த்து அரை மணியில் முடிகிற வேலை அது. ஞாயிறு இரவு உட்காருவது வேறு கதை. எங்கே விட்டோம் என்பதே பாதி மறந்திருக்கும்.

அடுத்து, திருத்தும் வேலை. இதைத்தான் புதிதாக வருகிறவர்கள் கவனிப்பதில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்பு எடுக்கிறீர்கள், வகுப்புக்கு நாற்பது பேர். பாடம் முடிந்தது என்று மூன்றிலும் வியாழக்கிழமையே டெஸ்ட் வைத்துவிட்டால், 120 தாளோடு சனி, ஞாயிறு போச்சு. வாரம் முழுவதும் ஒரே பக்கத்தில் கண்முன் இருந்தால், ஆறாம் வகுப்புக்குச் செவ்வாய், ஏழுக்குப் புதன், எட்டுக்கு வெள்ளி என்று தள்ளி வைக்கத் தோன்றும். தாள் எண்ணிக்கை அதேதான். ஆனால் ஓய்வுப் பிரிவேளைகளிலேயே பெரும்பாலும் திருத்தி முடித்துவிடலாம், கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டாம்.

அறிவியல் டீச்சர்களுக்கு இன்னொன்று. ஏழாம் வகுப்பில் பூவின் பாகங்கள் நடத்துகிறீர்கள் என்றால் செம்பருத்தி வேண்டும். காலை ஒன்பது மணிக்கு நினைவு வந்தால் கரும்பலகையில் படம்தான் வரைய முடியும். முதல் நாளே பிள்ளைகளிடம் சொன்னால் பை நிறையக் கொண்டுவருவார்கள். அடர்த்தி பாடத்துக்கு அளவிடும் உருளை வேண்டும். நம் பள்ளியில் அது ஒன்றுதான். பக்கத்து வகுப்பில் அதே நேரம் அதை வைத்திருந்தால் உங்கள் பிரிவேளை வீண். அதே பாடத்தை மறுநாள் திரும்ப நடத்துவதைவிடப் பெரிய நேர விரயம் எது?

"திட்டம் போட்டாலும் செவ்வாய்க்கிழமையே மாறிவிடுகிறதே" என்று ஒரு தம்பி கேட்டார். மாறத்தான் செய்யும். மழை விடுமுறை வரும், பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள், விளையாட்டு விழா ஒத்திகை என்று பிள்ளைகளைப் பாதியில் அழைத்துப் போவார்கள். அதனால் வகுப்புக்கு வாரம் ஒரு பிரிவேளையை எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள். ஒன்று போனால் அதில் போட்டுக்கொள்ளலாம். எதுவும் போகவில்லையா, அன்று பின்தங்கிய பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஐந்து நாளையும் இடைவெளி இல்லாமல் நிரப்பியவர்தான் மாறும்போது தவிக்கிறார்.

நீங்கள் திடீரென்று விடுப்பு எடுத்தாலும் அந்தப் பக்கம் உதவும். உங்களுக்குப் பதிலாக வகுப்புக்குப் போகிறவர், "டீச்சர், என்ன நடத்தட்டும்?" என்று காய்ச்சலில் கிடக்கும் உங்களுக்குப் போன் போட வேண்டியிருக்காது.

ஒரு பாடத்தையே இரண்டு பேர் அ, ஆ பிரிவுகளுக்கு எடுக்கிறீர்கள் என்றால் சேர்ந்தே உட்காருங்கள். ஒருவர் பயிற்சித்தாள் தயாரித்தால், இன்னொருவர் வினாத்தாளைப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இன்றைக்கே வெள்ளிக்கிழமைதான். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு பக்கம் போட்டுப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் இங்கேயே இருக்கிறேன், கேளுங்கள். லேப் பீரோ சாவி என்னிடம்தான் உள்ளது. அடுத்த வாரம் யாருக்கு எந்தக் கிழமை என்ன பொருள் வேண்டும் என்று கிளம்புவதற்கு முன் எழுதிக் கொடுத்துவிடுங்கள், எடுத்து வைத்துவிடுகிறேன்.