முகவரியும் தொடர்பு எண்ணும் மாற்றி, இரு பாலிசிகளையும் தொடர வேண்டி

மஸ்கட்,
20.11.2025

கிளை மேலாளர் அவர்களுக்கு,
ஆயுள் காப்பீட்டுக் கிளை அலுவலகம், நாகர்கோவில்.

மதிப்பிற்குரிய ஐயா,

417 என்று முடியும் பாலிசி என்னுடையது. 902 என்று முடிவது என் கணவருடையது. இரண்டும் உங்கள் கிளையில் எடுத்தவை. 2024 ஜூனில் குடும்பத்தோடு மஸ்கட் வந்துவிட்டோம். நான் இங்கே நர்ஸாக வேலை பார்க்கிறேன். இரு பாலிசிகளையும் நிறுத்தும் எண்ணமில்லை, முதிர்வு வரை கட்டுவோம்.

ஊருக்குப் போன நேரம் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றினோம். அதில் பழைய தானியங்கிப் பற்று நின்றுபோனது எங்களுக்குத் தெரியவில்லை. தவணை நாள் அக்டோபர் 15. நோட்டீஸ் கருங்கல் ஊரில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறது. அங்கே இப்போது வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். கேட்டில் சொருகியிருந்த கவர் மழையில் ஊறி, மை கலங்கி, தேதி மட்டும் தெரிகிற நிலையில் வாட்ஸ்அப்பில் படமாக வந்தது. நல்லவேளை, 30 நாள் சலுகைக் காலம் இருந்தது. நவம்பர் 2 அன்று இரண்டுக்கும் ஆன்லைனில் கட்டிவிட்டோம், ரசீது இணைப்பில். பாலிசி இடைவெளியின்றி நடப்பில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதித் தந்தால் நிம்மதி. என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்கான புதிய ஆணைப் படிவமும் கையெழுத்திட்டு வைத்திருக்கிறோம்.

இனித் தபால்கள் கருங்கலுக்கு வேண்டாம். தக்கலை, குமாரகோவில் சாலையில் உள்ள என் அண்ணன் வீட்டுக்கு அனுப்புங்கள், பின்கோடு 629175. மஸ்கட்டுக்கு அனுப்ப வேண்டாம். இங்கே வீட்டுக்குத் தபால் வராது, ஆஸ்பத்திரியின் தபால் பெட்டிக்கு வந்து, யாராவது எடுத்துத் தந்தால்தான் உண்டு.

கைபேசி எண்ணையும் மாற்றுங்கள். பழைய சிம் அம்மாவின் பட்டன் போனில் கிடக்கிறது. ஓடிபி வந்தால் அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து வாசிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும், மூன்று முறை அப்படியாயிற்று. எங்கள் ஓமான் எண்களும் மின்னஞ்சலும் படிவத்தில் தெளிவாக எழுதியிருக்கிறோம். வெளிநாட்டு எண்ணுக்கு ஓடிபி வராது என்றால் மின்னஞ்சலுக்கு வரும்படி செய்யுங்கள்.

அப்புறம், கணவரின் பாலிசியில் நாமினியாக இருந்த மாமனார் காலமாகிவிட்டார். என் பெயரைச் சேர்க்கக் கணவர் கையெழுத்திட்ட படிவமும் இறப்புச் சான்றிதழ் நகலும் உள்ளன.

காகிதங்களை அண்ணன் நேரில் கொண்டு வருவார். அசல் பத்திரங்களும் அவர் வீட்டு பீரோவில்தான் இருக்கின்றன. ஆனால் அவர் கொடுக்கவும் வாங்கவும் மட்டுமே. கடன், சரண்டர், பெயர் மாற்றம் எதுவும் எங்கள் கையெழுத்தில்லாமல் செய்ய வேண்டாம். அண்ணன் மேல் சந்தேகம் இல்லை. அவரே இதை எழுதச் சொன்னார்.

பாஸ்போர்ட், ஓமான் குடியிருப்பு அட்டை நகல்களும், வரி வசிப்பிட உறுதிமொழியும் வைத்துள்ளோம். ஏதாவது குறைந்தால் மின்னஞ்சலில் சொல்லுங்கள். ஜனவரியில் பத்து நாள் லீவில் வருகிறோம், நேரிலும் வந்து கையெழுத்திடலாம்.

இப்படிக்கு,
ஜெ. மேரி ஷைலா
பா. ஜெயசிங்