நொதி ஒடுக்கம்: பயிற்சி வினாக்கள்

சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் மாதிரி ஒன்றில் Km 0.5 mM, Vmax நிமிடத்துக்கு 60 மைக்ரோமோல்.

1. மலோனேட் சேர்த்ததும் தோற்ற Km 1.5 mM ஆகிறது; Vmax மாறவில்லை. இது எவ்வகை ஒடுக்கம்? கிளர்வு மையத்தில் மலோனேட் அமர அதன் அமைப்பில் எது உதவுகிறது?

2. சக்சினேட் 1.5 mM இருக்கும்போது, மலோனேட் இல்லாமலும் சேர்த்தும் வேகம் காண்க. (விடை: 45, 30.) சக்சினேட்டை 15 mM ஆக்கினால் இடைவெளி ஏன் சுருங்குகிறது?

3. போட்டியில்லா ஒடுக்கி ஒன்று Vmax-ஐ 30 ஆக்குகிறது; Km அப்படியே. சக்சினேட்டை எவ்வளவு கொட்டினாலும் வேகம் 60-ஐ ஏன் நெருங்காது? 'நாட்டம் குறைந்ததால்' என்று எழுதிவிடாதீர்கள். Km-ஐ இன்னொரு முறை பாருங்கள்.

4. 1/v, 1/[S] வரைபடத்தில் மூன்று கோடுகளையும் வரைக. எந்த இரண்டு y அச்சில் சந்திக்கின்றன, எந்த இரண்டு x அச்சில்?