புதிய மாமன்ற உறுப்பினருக்கு எங்கள் தெருக்காரர்களின் கடிதம்

மதிப்புக்குரிய மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் கெடிலத்தை ஒட்டிய பிள்ளையார் கோயில் தெரு, அதன் இரண்டு குறுக்குச் சந்துகளில் குடியிருக்கும் நாங்கள் சேர்ந்து எழுதுகிறோம். வெற்றி பெற்றதற்கு முதலில் எங்கள் மனமார்ந்த வாழ்த்து. ஓட்டு கேட்டு வந்த அன்று தெரு முனையில் சாக்கடைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நாங்கள் செங்கல் போட்டுக் கொடுத்தோம், நீங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகத் தாண்டி வந்தீர்கள். "இதை முதலில் பார்க்கிறேன்" என்றீர்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பெரிய கவலை மழைநீர் வாய்க்கால். டீக்கடைச் சுவரில் ஒரு கரிக்கோடு இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2015 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரம் அது, பெரியவர்களுக்கே இடுப்பளவு. ஆற்றில் வெள்ளம் வந்தால் எங்களால் தடுக்க முடியாது, சரி. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் ஆறு இல்லை. சந்து திரும்பும் இடத்தில் உள்ள சின்னப் பாலத்துக்கு அடியில் ஒரு குடிநீர்க் குழாய் குறுக்கே போகிறது. பிளாஸ்டிக் பை, தென்னை மட்டை, பழைய துணி எல்லாம் அதில் சிக்கி அணை மாதிரி நிற்கும். அதற்கு மேலே பத்து வீட்டுக்குள் தண்ணீர் ஏறும், கீழே வாய்க்கால் காய்ந்து கிடக்கும். மழை நேரத்தில் வந்து நின்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

போன தடவை தூர் வாரினார்கள். அள்ளிய சேற்றை வாய்க்கால் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் பாதிக்கு மேல் உள்ளே சரிந்துவிட்டது. எனவே நாங்கள் கேட்பது இதுதான்: புரட்டாசி முடிவதற்குள் தூர் வார வேண்டும், அள்ளிய சேறு அன்றைக்கே வண்டியில் ஏறிப் போய்விட வேண்டும், அந்தக் குழாயைப் பாலத்துக்கு மேலாகவோ பக்கவாட்டிலோ மாற்றிப் போட வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் எங்கள் தெருப் பிள்ளைகள் மழைக்காலத்திலும் பள்ளிக்கூடம் போவார்கள்.

இதோடு சேர்ந்தது சாலை. ஒவ்வொரு முறையும் பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படிதான் மிச்சம். கடைசிச் சந்தில் இரண்டு வீடு தெருவை விடப் பள்ளத்தில் இருக்கிறது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று அரசே சொல்லியிருக்கிறது. அடுத்த முறை வேலை தொடங்கும் நாளில் நீங்கள் வந்து நின்றாலே போதும், அளவு தப்பாது.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். கோயிலுக்கும் பள்ளிக்கும் நடுவில் மூன்று கம்பங்களில் விளக்கு எரியவில்லை. டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளைகளை வீட்டுக்கு ஒருவர் போய்க் கூட்டிவர வேண்டியிருக்கிறது. குடிநீர் எந்த நேரம் வரும் என்று முதல் நாளே தெரிந்தால், வேலைக்குப் போகும் பெண்கள் குடத்தோடு காத்திருக்க வேண்டாம். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்.

குப்பை பற்றி எங்கள் மேலும் தவறு இருக்கிறது, அதை ஒளிக்கவில்லை. தூய்மைப் பணியாளர் அக்கா கையுறை இல்லாமல் எங்கள் வீட்டுக் கண்ணாடித் துண்டைப் பொறுக்கிக் கை கிழித்துக்கொண்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அன்றிலிருந்து 42 வீடுகளில் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துத்தான் கொடுக்கிறோம். அவர்களுக்கு நல்ல கையுறையும் காலணியும் கிடைக்க நீங்கள் மன்றத்தில் பேச வேண்டும்.

பகுதி சபா என்று ஒன்று இருக்கிறதே, அதை எங்கள் பக்கம் தவறாமல் கூட்டுங்கள். கோயில் மண்டபம் கொடுக்கிறோம். பெண்கள் வர வசதியாக ஞாயிறு மாலை வைத்தால் நல்லது. செலவுக் கணக்கை அங்கே வாசித்தால், நிதி போதாத வேலைக்குக் காத்திருக்கவும் எங்களுக்கு மனம் வரும்.

தூர் வாரும் நாளில் எங்கள் தெருவில் நான்கு பேர் வேலைக்கு லீவு போட்டுக் கூட நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் சரிவு, எங்கே கல் மூடியிருக்கிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது விழுந்த மரத்தையெல்லாம் அறுத்து வழி விட்டதும் அவர்கள்தான்.

வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அந்தச் சின்னப் பாலத்துக்கிட்டே நாங்கள் நிற்கிறோம். முடிந்தால் பொறியாளரையும் அழைத்து வாருங்கள். குழாய் தெரியும்படி குப்பையை நாங்களே முதல் நாள் எடுத்து வைக்கிறோம்.

அன்புடன்,
பிள்ளையார் கோயில் தெருவும் குறுக்குச் சந்துகளும்,
குடியிருப்போர்